ஒரே மாஸ்டர் ரெஸ்யூம், மூணு வேலை: பொய் சேர்க்காம மாத்தி அனுப்புறது எப்படி?

புது ஆஃபர் கையில வந்தாச்சு, பழைய வேலையை ரிசைன் பண்ணியாச்சு, நோட்டீஸ் பீரியடும் ஓடிட்டு இருக்கு. அந்த நேரத்துல பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன்ல "உங்க ரெஸ்யூம்ல இருக்கிறதும் டாக்குமெண்ட்ல இருக்கிறதும் பொருந்தலையே"ன்னு மெயில் வந்தா? ஆஃபரும் போகும், பழைய சம்பளமும் போகும், இஎம்ஐ மட்டும் நிக்காது. அதனால ரெஸ்யூமை எதுவரைக்கும் மாத்தலாம்னு ஒரு உதாரணத்தோட பார்ப்போம்.

கோயம்புத்தூர்ல பம்ப் தயாரிக்கிற கம்பெனியில மூணு வருஷமா வேலை செய்யும் ஒரு அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ். பிரியான்னு வெச்சுக்குவோம்.

முதல்ல மாஸ்டர்

மாஸ்டர் ரெஸ்யூம் யாருக்கும் அனுப்பறதுக்கு இல்லை. அது உங்க வேலைக் கணக்குப் புத்தகம். மூணு நாலு பக்கம் போனாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வேலைக்கும் என்ன செஞ்சேன், எவ்வளவு, எதுல செஞ்சேன், என் பங்கு எதுவரைக்கும்னு எழுதணும். பிரியாவோட மாஸ்டர்ல ஒரு பகுதி இப்படி இருக்கு:

"மாதம் சுமார் 400 கொள்முதல் பில். பில்லை பிஓ, ஜிஆர்என் இரண்டோடும் ஒப்பிட்டு டேலியில் பதிவு செய்வது நான். பர்சேஸ் ரெஜிஸ்டரை ஜிஎஸ்டிஆர்-2பி-யுடன் எக்ஸலில் ஒப்பிடுவது நான். 3பி ஃபைல் செய்வது ஆடிட்டர். வாரம் ஒரு முறை சப்ளையர் பாக்கி ரிப்போர்ட் தயாரிப்பதும் நான்."

"ஃபைல் செய்வது ஆடிட்டர்"னு எழுதியிருக்கிற அந்த எல்லைக்கோடுதான் பின்னாடி பிரியாவைக் காப்பாத்தப் போகுது.

மூணு விளம்பரம், மூணு வடிவம்

அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலைக்கு 400 பில், மூணு வழி ஒப்பீடு ரெண்டும் முதல் வரிக்கு வரும். 2பி ஒரு சின்ன வரியா கீழே போகும்.

ஜிஎஸ்டி எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு 2பி ஒப்பீடு மேலே வரும். அந்த விளம்பரத்துல "3பி ஃபைலிங் அனுபவம்"னு கேட்டிருக்காங்க. பிரியா "ஃபைல்டு"னு போட முடியாது. "3பி-க்கான ஐடிசி ஒப்பீட்டைத் தயாரித்து ஆடிட்டருக்குக் கொடுத்தேன்"னு போடலாம். இது உண்மை, ஆனா குறைச்சலான உண்மை இல்லை.

எம்ஐஎஸ் வேலைக்கு வாராந்திர பாக்கி ரிப்போர்ட் மேலே வரும். 30 நாள், 60 நாள்னு பிரிச்சுக் காட்டினது, அதுக்கு பிவோட் டேபிள், VLOOKUP பயன்படுத்தினது எல்லாம் இங்க விரிவா வரணும்.

மூணு ரெஸ்யூம்லயும் ஒரு புது தகவல்கூட சேரலை, கவனிச்சீங்களா? வரிசையும் விரிவும்தான் மாறியிருக்கு.

விளம்பரத்தோட வார்த்தையை எடுக்கலாமா?

எடுக்கலாம், அதே வேலையை நீங்க செஞ்சிருந்தா. பிரியா ஆபீஸ்ல "பில் செக்கிங்"னு சொல்றதுக்கு வெளியில "த்ரீ-வே மேட்ச்"னு பேர். அந்தப் பேரைப் போடுறது காப்பி இல்லை. படிக்கிறவருக்குப் புரியிற மாதிரி சொல்றது.

ஆனா "எண்ட்-டு-எண்ட் பி2பி"ன்னு இருந்தா நிறுத்தி யோசிங்க. அதுல தேவையைக் கேக்குறதுல இருந்து பிஓ போடுறது, சரக்கு வாங்குறது, பில், பேமெண்ட் வரைக்கும் எல்லாமே வரும். பிரியா பார்த்தது பில் வந்த பிறகு நடக்கிறது மட்டும்தான். "இன்வாய்ஸ் முதல் பேமெண்ட் வவுச்சர் வரை"ன்னு எழுதினா சரி.

சந்தேகம் வந்தா ஒரு சோதனை: அந்த வார்த்தையை வெச்சு போன மாசம் நடந்த ஒரு சம்பவத்தை ரெண்டு நிமிஷம் சொல்ல முடியுமா? "2பி ஒப்பீடு"ன்னா பிரியா சொல்லுவாங்க: பில் நம்ம கிட்ட இருக்கு, 2பி-யில காணோம், பார்த்தா சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1 லேட்டா போட்டிருக்கார், அடுத்த மாச 2பி-யில வந்துச்சு. இன்னொரு பில்லுல நம்ம ஜிஎஸ்டி நம்பரே தப்பு. இப்படிக் கதை வந்தா வார்த்தை உங்களோடது. வரலைன்னா அது விளம்பரத்தோடது, எடுத்துடுங்க.

"எஸ்ஏபி இருந்தால் நல்லது"ன்னு போட்டிருந்தா, டேலி மட்டும் தெரிஞ்ச பிரியா டேலின்னே எழுதி தைரியமா அனுப்பலாம். "கட்டாயம்"னு இருந்தா அந்த விளம்பரத்தை விட்டுடலாம்.

தொடவே கூடாதது

கம்பெனி பேர், பதவிப் பேர், சேர்ந்த தேதி, விலகின தேதி. ரிலீவிங் லெட்டர்லயும் யுஏஎன் சர்வீஸ் ஹிஸ்டரியிலயும் பார்த்தா தேதி தெரிஞ்சிடும். "எக்ஸிகியூட்டிவ்"வை "அனலிஸ்ட்"னு மாத்தாதீங்க. பதவிப் பேரை அப்படியே விட்டு, அடுத்த வரியில செஞ்ச வேலையை எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. அனுப்பின ஒவ்வொரு ரெஸ்யூமையும் அந்த விளம்பரத்தோட காப்பியையும் ஒரே ஃபோல்டர்ல வையுங்க. இண்டர்வியூ கால் வர்றதுக்குள்ள விளம்பரத்தை எடுத்திருக்கலாம். எதிர்ல இருக்கிறவர் கையில எந்த வடிவம் இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.