சமூக ஊடகமும் அண்டை அயலாரும்

ஜொகூரில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, காலப்போக்கில் நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்தில் லயத்து வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, வேலையிடம் எல்லாம் அருகருகே இருந்தன. எனவே, அண்டை அயலாரை அறிந்துகொள்ளத் தனி முயற்சி தேவைப்படவில்லை. வீடமைப்புப் பகுதியில் அந்நிலை இல்லை. அங்கே புலனமும் முகநூலும் மக்களை இணைக்கின்றனவா, பிரிக்கின்றனவா? பத்து பகாட்டில் பயிலும் படிவம் 4 மாணவர் இருவர் இதைப் பற்றி விவாதிக்கின்றனர்.

கவிதா: என் பாட்டி தோட்டத்தில் இருந்தபோது, லயத்தில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியுமாம். எங்கள் வரிசையில் இருபது வீடுகள் உள்ளன. அவற்றுள் மூன்று வீட்டாரின் பெயர்தான் எனக்குத் தெரியும். மாலையானால் எல்லாரும் கைப்பேசியும் கையுமாக வீட்டுக்குள் இருக்கிறார்கள். சமூக ஊடகம் சமூகத்தைப் பலவீனப்படுத்துகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

முகிலன்: நீ சொல்லும் நிலை உண்மைதான். ஆனால், காரணம் கைப்பேசிதானா? கைப்பேசி பரவுவதற்கு முன்பே பலர் தோட்டத்தை விட்டு வந்துவிட்டார்கள். ஒரே தெருவில் இருந்தாலும் வேலையிடம் வேறு, பள்ளி வேறு. இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

கவிதா: அப்படியானால், காரணத்தை எப்படிக் கண்டறிவது?

முகிலன்: ஒரே இடத்தில் வாழும் மக்களில் சிலருக்கு இணைய வசதி இருந்து, மற்றவர்களுக்கு இல்லாவிட்டால், இரு பிரிவினரையும் ஒப்பிடலாம். 1990களின் இறுதியில் கனடாவின் டொராண்டோ நகருக்கு வெளியே அப்படியோர் ஆய்வு நடந்தது. சமூகவியலாளர்கள் கீத் ஹேம்ப்டனும் பேரி வெல்மனும் அந்தக் குடியிருப்புக்கு ‘நெட்வில்’ என்று புனைபெயர் சூட்டினார்கள். அங்கிருந்த 109 வீடுகளில் 64 வீடுகளுக்கு அதிவேக இணையம் கிடைத்தது. அவ்வீட்டார் தங்களுக்குள் ஒரு மின்னஞ்சல் குழுவையும் பயன்படுத்தினார்கள்.

கவிதா: வேறுபாடு தெரிந்ததா?

முகிலன்: தெரிந்தது. இணையம் பெற்றவர்கள் சராசரியாக ஏறத்தாழ 25 அண்டை வீட்டாரைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். இணையம் இல்லாதவர்கள் ஏறத்தாழ 8 பேரைத்தான் அறிந்திருந்தார்கள்.

கவிதா: பெயர் தெரிவது மட்டும் உறவாகுமா? ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய்வந்தார்களா?

முகிலன்: இணையம் பெற்றவர்கள் ஏறத்தாழ 5 பேருடனும், மற்றவர்கள் ஏறத்தாழ 3 பேருடனும் அப்படிப் பழகினார்கள்.

கவிதா: அப்படியென்றால் அறிமுகம் மூன்று மடங்கானது. வீட்டுக்குப் போய்வரும் நெருக்கம் ஒன்றரை மடங்குதான். மேலும், அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே குடியிருப்பினர். இன்றைய சமூக ஊடகமோ உலகின் எந்த மூலையில் இருப்பவரையும் நம்முன் கொண்டுவருகிறது. இரண்டையும் ஒன்றாகக் கருத முடியாது.

முகிலன்: அதை ஒப்புக்கொள்கிறேன். 2023 மார்ச் மாத வெள்ளத்தை நினைத்துப் பார். ஜொகூரில் 40,000க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. நம் மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. என் மாமா வீட்டில் நீர் ஏறியபோது, தெருவாசிகளின் புலனக் குழுவில் செய்தி அனுப்பினார். சற்று நேரத்தில் எதிர்வீட்டு அண்ணன் வந்து பாட்டியைத் தூக்கிச் சென்றார். வெளியூரில் இருந்த உறவினர்களால் கவலைப்படத்தான் முடிந்தது.

கவிதா: குழுவில் இல்லாத முதியவர் யாராவது அந்தத் தெருவில் இருந்திருந்தால்?

முகிலன்: அவருக்குச் செய்தி போயிருக்காது. யாராவது நேரில் போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

கவிதா: அதற்கு அவர் தனியாக இருப்பது யாருக்காவது முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்ல வந்ததும் அதுதான்.

இருவரின் வாதங்களையும் இணைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஒரு குழுவில் எத்தனை பேர் உள்ளனர் என்பதைக் கொண்டு சமூகப் பிணைப்பை அளவிட இயலாது. அவர்களுள் எத்தனை பேர் நேரில் வந்து உதவும் தொலைவில் வாழ்கின்றனர், எத்தனை பேர் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய்வருகின்றனர், அக்குழுவுக்கு வெளியே விடுபட்டவர் யார் என்பனவற்றையும் ஆராய வேண்டும். அருகில் வாழ்வோரை இணைக்கும் ஊடகம் அண்டை உறவுக்குத் துணையாகலாம். அவர்களுக்குரிய நேரத்தை எடுத்துக்கொள்ளும் ஊடகம் அதனைத் தளர்த்தலாம்.

சிந்தித்து விடையளித்திடுக

1. தோட்ட வாழ்வு மாறியதற்குக் கைப்பேசியே காரணம் என்பதை முகிலன் ஏன் ஏற்கவில்லை?
2. ‘நெட்வில்’ ஆய்வின் முடிவு இன்றைய சமூக ஊடகத்திற்கு முழுமையாகப் பொருந்தாது எனக் கவிதா கூறுவதன் காரணம் யாது?
3. உமது வீட்டு வரிசையில் உமக்குப் பெயர் தெரிந்தோர், நீர் வீட்டுக்குப் போய்வரும் அளவுக்குப் பழகியோர் எத்தனை பேர்? இவ்விரு எண்ணிக்கைகளையும் ஒப்பிட்டு விளக்குக.