வண்டி கைமாறிவிட்டது, பெயர் மாறிவிட்டதா?

2007 ஜூலையில் ஒருவர் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவரிடமிருந்து வேறொருவர், அவருக்குப் பின் மற்றொருவர் என்று கார் கை மாறிக்கொண்டே போனது. 2009 மே மாதம் பின்னோக்கி எடுக்கும்போது அந்தக் கார் மோதியதில் ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். காருக்கு அப்போது இன்சூரன்ஸ் இல்லை. நஷ்ட ஈடு யார் தருவது? கடைசியாகக் காரை வைத்திருந்தவர்தான் பொறுப்பு என்றது உயர் நீதிமன்றம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அவரே பணம் தர வேண்டும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காரை விற்றுவிட்ட முதல் ஆள்தான் அவர்.

இந்தத் தீர்ப்புக்கு அடிப்படை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் உரிமையாளருக்குத் தரும் விளக்கம். வண்டி யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்கிறது அது. யாரிடம் சாவி இருக்கிறது, யார் பணம் கொடுத்தார் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. விபத்தில் அடிபட்டவர், வண்டி எந்தெந்தக் கைக்குப் போனது என்று ஒவ்வொருவராகத் தேடி அலைய வேண்டியிருக்கக் கூடாது என்பதே இதன் நியாயம். அதனால் பெயர் மாற்றம் வாங்குபவரின் வேலை மட்டும் என்று நினைப்பது விற்பவருக்குத்தான் ஆபத்து.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? பணம் கைக்கு வந்ததும், விற்பவர் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரையும் தேதியையும் காலியாக விட்டு, ஆர்.சி.யோடு புரோக்கரிடம் கொடுத்துவிடுகிறார். இதைத்தான் ‘ஓப்பன் டி.ஓ.’ என்பார்கள். புரோக்கருக்கு வசதி, தன் பெயருக்கு மாற்றாமலே அடுத்த ஆளுக்கு விற்கலாம். வண்டியோ இன்னும் பழைய ஆள் பெயரிலேயே ஓடுகிறது. ஹெல்மெட் இல்லாமல் போனதற்கான அபராதச் செலான் முதல் காவல் நிலைய விசாரணை வரை எல்லாமே முதலில் அவர் வீட்டுக்குத்தான் வரும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். மதுரையில் இருப்பவர் தன் ஸ்கூட்டரைத் திருச்சியில் இருப்பவருக்கு மார்ச் 1ஆம் தேதி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே தமிழ்நாட்டுக்குள் இருப்பதால், விற்பவர் 14 நாட்களுக்குள், அதாவது மார்ச் 15க்குள், படிவம் 29 மூலம் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். அதன் நகலை வாங்கியவருக்கும் தர வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள், மார்ச் 31க்குள், தான் வசிக்கும் திருச்சியில் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் படிவம் 30 தர வேண்டும். வண்டி வேறு மாநிலப் பதிவாக இருந்தால் முதலில் அந்த மாநிலத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். விற்பவருக்கான கெடுவும் 45 நாளாக நீளும்.

பணம் கைமாறும் முன்பே வாங்குபவர் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது கடன். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால், அதன் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. ‘கடனெல்லாம் அடைத்தாச்சு’ என்ற வாய்ச்சொல் போதாது. கடன் முடிந்ததும் கம்பெனி கையெழுத்திட்டுத் தரும் படிவம் 35, அதோடு வரும் தடையின்மைக் கடிதம் இரண்டையும் கண்ணால் பார்க்க வேண்டும். தவணை முடிந்து பல ஆண்டாகியும் ஆர்.சி.யில் அந்தப் பெயரை நீக்காமல் விட்டவர்கள் ஏராளம்; விற்கும்போதுதான் அது தலைவலியாகிறது.

இரண்டாவது, சேசிஸ் எண். ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் இருக்கும் இடத்தில் உரசிய தடமோ புதுப் பெயிண்டோ தெரிந்தால் அந்த வியாபாரமே வேண்டாம். மூன்றாவது, நிலுவைச் செலான். அரசின் இ-செலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தாலே தெரிந்துவிடும். பாக்கியை விற்பவர் கட்டிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.

இனி விண்ணப்பம். parivahan.gov.in தளத்தில் வாகனச் சேவைகளுக்குள் போய், வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுத்து Transfer of Ownership என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவில் இருப்பது பழைய உரிமையாளரின் செல்போன் எண் என்பதால், ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். விற்று முடித்த பிறகு அவரைத் தேடிப் பிடித்து எண் கேட்பதைவிட, விற்பனை நாளன்றே இருவரும் சேர்ந்து உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பதிந்துவிடுவது மேல். இரு சக்கர வண்டிக்கான பெயர் மாற்றக் கட்டணம் மத்திய விதிப்படி 150 ரூபாய், காருக்கு 300 ரூபாய். ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணம் போன்றவை தனி. ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால், எதெதற்கு எவ்வளவு என்று கேட்க இந்தக் கணக்கு உதவும்.

படிவங்களை அச்செடுத்து, அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, வாங்குபவரின் முகவரிச் சான்று ஆகியவற்றோடு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். விற்பவரின் கையெழுத்து பழைய பதிவில் இருப்பதுபோல் இல்லாவிட்டால் மனு திரும்பி வரலாம்.

இன்சூரன்ஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி மோதி அடிபடும் மூன்றாம் நபருக்கான காப்பீடு, வண்டியோடு சேர்ந்து புது உரிமையாளருக்கு மாறிவிட்டதாகச் சட்டமே கருதுகிறது. ஆனால் உங்கள் வண்டிக்கே சேதமானால் கிடைக்கும் காப்பீடு அப்படித் தானாக மாறாது. 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய உரிமையாளர் சேர்த்த ‘நோ கிளெய்ம் போனஸ்’ வண்டிக்குச் சொந்தமானது அல்ல, அவருக்குச் சொந்தமானது. அந்தத் தள்ளுபடியின் வித்தியாசத்தை வாங்குபவர் கட்ட வேண்டியிருக்கும்.

வண்டியை டீலரிடம் விற்பவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் ஒரு பாதுகாப்பு உண்டு. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் அதே தளத்தில் தகவல் பதிய வேண்டும். ஒப்புகை எண் வந்துவிட்டால் அதிலிருந்து பொறுப்பு டீலருடையது. அந்த எண் இல்லாமல் வண்டியை விட்டுவிட்டு வந்தால் ‘ஓப்பன் டி.ஓ.’ கொடுத்ததற்குச் சமம்தான்.

தனியாருக்கு விற்பவர்கள், வண்டியைக் கொடுத்த தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ரசீது, வாங்குபவரின் அடையாள அட்டை நகல், படிவம் 29 கொடுத்ததற்கான அத்தாட்சி மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். குற்ற வழக்கில் வண்டி தன் கையில் இல்லை என்று காட்ட இவை உதவும். ஆனால் நஷ்ட ஈட்டு வழக்கில் ஆர்.சி.யில் உள்ள பெயரை இவை மாற்றிவிடாது. அதனால் மாதம் ஒன்று கழிந்ததும் வண்டி எண்ணை அரசுத் தளத்தில் தட்டிப் பாருங்கள். அங்கே இன்னும் உங்கள் பெயரே வந்தால், வாங்கியவருக்கு அன்றே போன் செய்யுங்கள்.