கடைசியில் தெரியும் கணக்கு: வங்கியிடம் தவணை விடுப்பு கேட்பது எப்படி?

மேம்பாலப் பணிக்காகத் தெருவை மூன்று மாதம் அடைத்துவிட்டார்கள். அந்தத் தெருவில் ஒரு பாத்திரக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாத விற்பனை 4 லட்சத்திலிருந்து 90 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. வங்கிக் கடனில் பாக்கி 4 லட்சம், வட்டி 12 சதவீதம், மாதத் தவணை 16,000 ரூபாய். கடைக்காரர் மூன்று மாதம் தவணை விடுப்பு கேட்கலாம். ஆனால் அது சலுகைதான், உரிமை அல்ல. கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு.

விடுப்பு என்றால் தள்ளுபடி இல்லை. அந்த மூன்று மாதமும் வட்டி ஓடும். சுமார் 12,000 ரூபாய் அசலோடு சேர்ந்துவிடும். தவணைத் தொகை மாறாவிட்டால், தள்ளிப்போன மூன்று தவணைகள் போக, கடைசியில் ஏறக்குறைய ஒரு தவணை கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.

விடுப்பு கேட்கும் கடிதத்தைத் தவணை தேதிக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். கிளை மேலாளருக்கு எழுதும்போது கஷ்டத்தை விவரிப்பதைவிட, கணக்கைக் காட்டுவதே பலன் தரும்:

"தெரு அடைக்கப்பட்டதால் மாத விற்பனை 4 லட்சத்திலிருந்து 90 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. அடைப்பு அறிவிப்பின் நகலையும் ஜிஎஸ்டி கணக்கு விவரங்களையும் இணைத்துள்ளேன். மூன்று மாதத் தவணைகளைத் தள்ளிவைத்து, கடன் காலத்தை அதற்கேற்ப நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நான்காம் மாதத்திலிருந்து தவணையைத் தவறாமல் கட்டுவேன்."

இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் கொடுத்ததாலேயே தவணை நின்றுவிடாது. எழுத்துமூலம் ஒப்புதல் வரும்வரை கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் நடக்கும். பணம் இல்லாவிட்டால் அபராதக் கட்டணம் விழும்.

ஒப்புதல் வந்ததும் அதில் ஒரு கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்: இதைக் கடன் மறுசீரமைப்பு என்று பதிவு செய்வார்களா? நிதி நெருக்கடியால் தரும் சலுகையை ரிசர்வ் வங்கி விதிகள் பொதுவாக அப்படித்தான் பார்க்கின்றன. அப்படிப் பதிவானால் கணக்கின் தரம் இறங்கும், சிபில் அறிக்கையிலும் தெரியும், அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும். உறவினரிடம் புரட்டியாவது தவணையைச் சமாளிக்க முடிந்தால், விடுப்பைவிட அது மலிவாக முடியலாம்.

வங்கி பதிலே தராவிட்டால் முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். விடுப்பு கொடுக்கச் சொல்லி அங்கே உத்தரவு வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். பதில் தராமை, தவறான கட்டணம் போன்ற சேவைக் குறைகளுக்குத்தான் அந்த வழி. அங்கேயும் முத்திரை குத்திய அந்தப் பிரதிதான் உங்கள் சாட்சி. பத்திரமாக வைத்திருங்கள்.