விருந்து முடிந்த இரவில் வயிறு முறுக்கினால்...

காதுகுத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் கிடா வெட்டி, அண்டாவில் குழம்பு கொதித்து, மதியம் 1 மணிக்குப் பந்தி. சாப்பிட்டுப் போன யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிஞ்சிய குழம்பை அண்டாவிலேயே மூடி வைத்துவிட்டார்கள். தங்கிப்போன சொந்தக்காரர்கள் இரவு 8 மணிக்கு அதையே லேசாகச் சூடுபண்ணிச் சாப்பிட்டார்கள். விடிகாலை 5 மணிக்கு ஒருவர் பின் ஒருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். "கறி சரியா வேகலை" என்று சமையல்காரர் மேல் பழி விழுகிறது.

கறி வெந்துதான் இருந்தது. தவறு நடந்தது மதியத்துக்கும் இரவுக்கும் இடையில். இறைச்சியில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா, கெட்டியான வித்து வடிவில் கொதியிலும் உயிர் பிழைத்துக்கொள்ளும். பெரிய அண்டாவின் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். அந்த வெதுவெதுப்பில் வித்து முளைத்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடிய வேகத்தில் பெருகும். குழம்பின் வாசமோ ருசியோ மாறாது. லேசான சூட்டுக்கு அவை சாகாது. உயிரோடு குடலுக்குள் போய், அங்கேதான் நஞ்சை விடுகின்றன. அதனால்தான் வயிற்றுவலியும் பேதியும் 6 மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் வருகின்றன. பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கியும் விடும்.

சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே, 6 மணி நேரத்துக்குள், வாந்தி தொடங்கினால் கதை வேறு. வெளியில் கிடந்த சோற்றிலோ, கை பட்ட இனிப்பிலோ நஞ்சு முன்பே ஊறியிருக்கலாம். அந்த நஞ்சு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. காய்ச்சலோடு பேதி வந்தால், சால்மோனெல்லா போன்ற கிருமி குடலைத் தாக்கியிருக்கலாம். அதனால் என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, தொந்தரவு எப்போது ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

எந்தக் கிருமியானாலும் ஆளை வீழ்த்துவது நீரும் உப்பும் போவதுதான். மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, அளவை மாற்றாதீர்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி ஒவ்வொரு கரண்டியாகக் கொடுங்கள். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்தால்தான் திரும்ப வெளியே வரும்.

வாந்தி அடங்கியதும் பட்டினி போட வேண்டாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, குழைந்த சோறு, இட்லி, வாழைப்பழம், நீர்மோர் போதும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது. எண்ணெய்ப் பலகாரம், காரம், காப்பி, மது வேண்டாம். "சோடா குடிச்சா சரியாகும்" என்று சர்க்கரை கலந்த குளிர்பானம் கொடுப்பது பேதியை அதிகமாக்கும். பாக்கெட் பழச்சாறும் அப்படித்தான். காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரை கூடாது. குழந்தைகளுக்கு எப்போதுமே கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கையும் எடுக்காதீர்கள். பெரும்பாலான விருந்து விஷத்துக்கு அது தேவையே இல்லை.

வீட்டு வைத்தியம் போதாது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு வாய் தண்ணீர்கூட நிற்காத வாந்தி, 3 நாளுக்கு மேல் பேதி. 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுந்தால் தலைசுற்றல், குழந்தை அழுதும் கண்ணீர் வராதது ஆகியவை உடல் வற்றிவிட்டதைக் காட்டும். பார்வை மங்கினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறுநீரக நோயாளிகளை இந்த அடையாளங்களுக்காகக் காத்திருக்க வைக்காமல் முன்கூட்டியே காட்டுங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுபவர்களும் அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது சில மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

அடுத்த விருந்தில் பந்தி முடிந்ததும் மிஞ்சிய குழம்பை அண்டாவில் விடாதீர்கள். அகலமான தட்டையான பாத்திரங்களில் மெல்லியதாக ஊற்றி ஆறவைத்து, சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். முடியாதென்றால் மனம் தளராமல் கொட்டிவிடுங்கள்.