அந்தக் கோடு ஏன் அவ்வளவு தடிமன்?

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9, பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி-7 ஆகியவற்றின் 16 கேள்விகளையும் ஒரே வலைப்பின்னலாக வரைகிறோம். ஒவ்வொரு கேள்வியும் ஒரு புள்ளி. மற்ற 14 கேள்விகளின் தாக்கத்தை நீக்கிய பிறகும் இரண்டுக்கிடையே எஞ்சும் தொடர்பே கோடு. இரு அளவுகோல்களுக்கும் நடுவே, முதலாவதின் 8ஆம் கேள்வியையும் இரண்டாவதின் 5ஆம் கேள்வியையும் இணைக்கும் கோடு பெரும்பாலும் தடித்துத் தெரியும். உடனே ‘பாலம் அமைக்கும் அறிகுறி இதுதான், சிகிச்சையை இங்கே தொடங்கலாம்’ என்று எழுதத் தோன்றும்.

முதலில் கேள்விகளைப் படியுங்கள். 8ஆவது, அசைவும் பேச்சும் மந்தமாவதையோ, அதற்கு மாறாக நிலைகொள்ளாமல் அலைவதையோ கேட்கிறது. 5ஆவது, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பைக் கேட்கிறது. பாதிக் கேள்வி ஒன்றேதான்! ஒரே அனுபவத்தை இருமுறை கேட்டால் விடைகள் ஒத்துப்போகத்தான் செய்யும்.

சோதிக்க வழி உண்டு. இரண்டில் ஒன்றை நீக்கி வலைப்பின்னலை மீண்டும் கணக்கிடுங்கள். மீதமுள்ள கேள்வியின் பால வலிமை சரிந்தால், நீங்கள் கண்டது பெரும்பாலும் சொற்களின் ஒற்றுமை. சரியாவிட்டாலும் நிதானம் வேண்டும். ஆட்களைப் படிப்படியாகக் குறைத்துச் செய்யும் பூட்ஸ்ட்ராப் சோதனையில் நிலைப்புக் குணகம் 0.25க்குக் கீழே இருந்தால், பால வலிமையின் தரவரிசையை விளக்கவே கூடாது, 0.5ஐத் தாண்டுவது நல்லது.

அதையும் தாண்டினாலும், ஒரே முறை எடுத்த தரவு ஆட்களுக்கிடையேயான வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. ஒரு நோயாளிக்குள் தவிப்பைத் தணித்தால் சோர்வு குறையுமா என்பதற்கு அதில் விடை இல்லை.