கூகுள் மேப்பில் ஒரு கிளினிக்கின் விவரக்குறிப்பு

கூகுள் மேப்பில் ஒரு கிளினிக்கின் பெயரைத் தொட்டால் முகவரி, தொலைபேசி எண், நேரம், விமர்சனங்கள் ஆகியவற்றோடு, அந்தக் கிளினிக்கே தன்னைப் பற்றி எழுதிய ஒரு சிறு பத்தியும் கிடைக்கும். இதை மாற்ற, கிளினிக்கின் பதிவுக்கு உரிமை பெற்ற கூகுள் கணக்கில் நுழைந்து, கிளினிக்கின் பெயரைத் தேடி, Edit profile என்பதற்குள் இருக்கும் Description பெட்டியைத் திறக்க வேண்டும். அதில் 750 குறிகள் வரை எழுதலாம். இணைய முகவரிகளைச் சேர்க்கக் கூடாது. தள்ளுபடி, விலை, சலுகை ஆகியவற்றை முன்னிறுத்தி எழுதுவதும், படிப்பவரைத் தவறாக வழிநடத்துவதும் கூகுளின் விதிகளுக்கு எதிரானவை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த 750 சற்று ஏமாற்றக்கூடியது. கணினி புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. ‘மருத்துவமனை’ நம் கணக்கில் ஏழு எழுத்து. கணினியின் கணக்கில் அது 11. ஆகவே தமிழில் 750 குறிகள் என்பது ஏறத்தாழ 60 முதல் 80 சொற்கள்தாம். வெற்றுப் புகழ்ச்சிக்கு ஒரு வரி போனால், நோயாளிக்குத் தேவையான ஒரு வரி இடமின்றிப் போய்விடும்.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு அருகே ஒரு கிளினிக் இருப்பதாகக் கொள்வோம். அதன் பதிவில் இப்போது இருப்பது இது: “கும்பகோணத்தின் நம்பர் 1 மருத்துவமனை. 24 மணி நேர சேவை. சர்க்கரை நோய், ஆஸ்துமா, மூட்டுவலி அனைத்துக்கும் நிரந்தரத் தீர்வு. உலகத்தரம் வாய்ந்த நவீன கருவிகள். அனுபவமிக்க சிறப்பு நிபுணர்கள். கும்பகோணம் டாக்டர், கும்பகோணம் சுகர் டாக்டர், தாராசுரம் டாக்டர், சுவாமிமலை டாக்டர், கும்பகோணம் குழந்தை டாக்டர்.” அங்கே உண்மையில் இருப்பவர் எம்.பி.பி.எஸ். படித்த ஒரு பொது மருத்துவர். குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் செவ்வாய், சனி மாலைகளில் வந்து போகிறார். ஈசிஜி கருவியும் நெபுலைசரும் உண்டு. ரத்தம் அங்கே எடுத்து வெளி லேபுக்கு அனுப்பப்படுகிறது. கிளினிக் முதல் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இருக்கிறது. காலை 9 முதல் 1 வரை, மாலை 5 முதல் 9 வரை பார்க்கிறார்கள்.

திருத்தி எழுதுபவர் பழைய பத்தியை வரி வரியாக எடுத்து, படி ஏறி வந்த நோயாளி இதைச் சரிபார்க்க முடியுமா என்று ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டும். ‘நம்பர் 1’ அந்த இடத்திலேயே விழுந்துவிடும். யார் எண்ணிப் போட்ட வரிசை என்பதற்குப் பதில் இல்லை. ‘உலகத்தரம்’ என்பதைச் சரிபார்க்க வழியில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஈசிஜி கருவி இருக்கிறது. அதன் பெயரை எழுதினால் போதும். நெஞ்சு படபடப்புக்கு எங்கே ஈசிஜி எடுக்கலாம் என்று தேடுபவருக்கு அந்த ஒரு சொல்லில் விடை கிடைத்துவிடுகிறது.

‘24 மணி நேர சேவை’ இந்தப் பத்தியில் மிக ஆபத்தான வரி. மருத்துவரின் கைபேசி இரவிலும் அணைக்கப்படுவதில்லை என்ற பொருளில் நல்லெண்ணத்தோடே அதை யாரோ எழுதியிருக்கலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று மேப்பைத் திறக்கும் மகன் அதை அப்படிப் படிக்க மாட்டான். ஆட்டோ பிடித்து வந்து, இழுத்து மூடிய ஷட்டருக்கு முன் நிற்பான். அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம் அங்கே வீணாகிறது. இந்த வரியை நீக்கினால் மட்டும் போதாது. அவசர சிகிச்சை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். கிளினிக்குகள் பெரும்பாலும் எழுதத் தயங்கும் வரி இதுதான், ஆனால் ஓர் உயிரைக் காக்கக்கூடிய வரியும் இதுதான்.

‘நிரந்தரத் தீர்வு’ என்ற வாக்குறுதி சட்டத்தின் எல்லைக்குள்ளேயே போய்விடுகிறது. மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் தொடர்பான 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகர விளம்பரச் சட்டம், அதன் அட்டவணையில் உள்ள நோய்களை ஒரு மருந்து குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அந்த அட்டவணையில் சர்க்கரை நோய் இருக்கிறது. மருத்துவர்களின் நடத்தைக்கான 2002ஆம் ஆண்டின் விதிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், நோயாளிகளைக் கவர்ந்திழுக்கும் விளம்பரத்தையே நெறிக்குப் புறம்பானது என்கின்றன. புதிதாகத் தொழில் தொடங்குவது, இடம் மாறுவது, கட்டணத்தை வெளியிடுவது போன்ற முறையான அறிவிப்புகளுக்கு மட்டுமே அவை இடம் தருகின்றன. மேப் பத்தியையும் இந்த எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்வது மருத்துவருக்குப் பாதுகாப்பு. மருத்துவ அறிவும் அதையே சொல்கிறது. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்க முடியும், அதற்குத் தொடர் கவனிப்பு தேவை. ஆகவே ‘நிரந்தரத் தீர்வு’ இருந்த இடத்தில் ‘தொடர் கவனிப்பு’ வர வேண்டும்.

‘சிறப்பு நிபுணர்கள்’ என்ற சொல்லுக்கும் அதே விதிமுறைகளில் பதில் இருக்கிறது. ஒரு துறையில் சிறப்புத் தகுதி பெறாத மருத்துவர் அந்தத் துறையின் நிபுணர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. பொது மருத்துவர் இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்து வந்திருக்கலாம்; அந்த அனுபவம் பெரியதுதான். ஆனால் அது பட்டம் ஆகாது. அவர் சர்க்கரை நோய்க்குப் பார்க்கிறார் என்பது உண்மை, அதை எழுதலாம். சர்க்கரை நோய் நிபுணர் என்று மட்டும் எழுத முடியாது.

கடைசியில் எஞ்சுவது ‘கும்பகோணம் டாக்டர், தாராசுரம் டாக்டர்’ என்ற சொல் அடுக்கு. தேடுபவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது இது. உள்ளூர்த் தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்கு கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்கும் பதிவுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து உள்ள தூரம், அந்த இடம் எவ்வளவு அறியப்பட்டது என்பது. சுவாமிமலை என்று நான்கு முறை எழுதினாலும் மேப்பில் ஊன்றிய குறி மகாமகக் குளத்தருகேதான் இருக்கும், தூரம் குறையாது. ஊர்ப் பெயர் முகவரியில் ஏற்கனவே இருக்கிறது. பொருத்தத்துக்குப் பெரும் பங்கு அளிப்பது Category என்ற புலம். அதில் முதன்மை வகையாக Medical clinic அல்லது General practitioner என்பதில் கிளினிக்கின் தன்மைக்கு நெருக்கமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடுதலாக ஒன்பது வகைகள் வரை சேர்க்க முடியும் என்பதற்காக, செய்யாத வேலைக்கெல்லாம் வகை சேர்ப்பது தவறு.

‘சுகர் டாக்டர்’ என்பதைக் கிளினிக்கின் பெயரோடு ஒட்டிவைக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. பெயர்ப்பலகையில் உள்ள பெயரே பதிவிலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி; மீறினால் பதிவையே முடக்கிவிடக்கூடும். தேடும் சொற்களுக்கு நியாயமான இடம் Services பட்டியல். ஈசிஜி, ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை, காயத்துக்குக் கட்டுப் போடுதல் என்று நடப்பதை மட்டும் ஒவ்வொன்றாக அங்கே சேர்க்கலாம். தேடியவரின் திரையில் கிளினிக் பெயருக்குக் கீழே, தேடிய சேவை ஒரு வரியாகத் தெரிவதுண்டு. அந்த வரி இந்தப் பட்டியலிலிருந்தோ விமர்சனங்களிலிருந்தோ வரக்கூடியது. நேரத்துக்கும் தனிப் புலம் இருப்பதால் அதைப் பத்தியில் திரும்ப எழுத வேண்டியதில்லை. எழுதினால், நேரம் மாறும்போது ஓரிடத்தில் திருத்தி மறு இடத்தில் மறந்துவிடுவார்கள். பொங்கல், தீபாவளி விடுமுறைகளை Special hours பகுதியில் முன்கூட்டியே குறித்துவிடலாம்.

இத்தனையும் தத்தம் இடத்துக்குப் போன பிறகு, எந்தப் புலத்திலும் அடங்காதவை மட்டும் பத்திக்கு மிஞ்சும். அவற்றைக் கொண்டு எழுதினால் பத்தி இப்படி வரும்:

“மகாமகக் குளத்துக்கு அருகே, முதல் மாடியில் இயங்கும் வெளிநோயாளர் கிளினிக். காய்ச்சல், சளி, வயிற்றுக் கோளாறு போன்ற பொது நோய்களுக்கும், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் ஆகியவற்றின் தொடர் கவனிப்புக்கும் பொது மருத்துவர் (எம்.பி.பி.எஸ்.) பார்க்கிறார். குழந்தைகள் நல மருத்துவர் செவ்வாய், சனி மாலைகளில் மட்டும் வருகிறார். ஈசிஜி, நெபுலைசர், காயத்துக்குக் கட்டுப் போடுதல் இங்கேயே உண்டு. ரத்த மாதிரி இங்கே எடுக்கப்பட்டு வெளி ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். டோக்கன் நேரில் மட்டும். லிஃப்ட் இல்லை; படி ஏற முடியாதவர்கள் முன்கூட்டியே போனில் சொன்னால் மருத்துவர் கீழே வந்து பார்ப்பார். உள்நோயாளர் பிரிவும் அவசர சிகிச்சையும் இல்லை; அவசரத்துக்கு 108-ஐ அழைக்கவும்.”

இது ஏறத்தாழ 640 குறிகள். வரம்புக்குள் இன்னும் இடம் மிச்சம். காய்ச்சல், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஈசிஜி, குழந்தைகள் நல மருத்துவர் என்று மக்கள் தேடும் சொற்கள் எல்லாம் இதில் ஒருமுறை, இயல்பான வாக்கியங்களுக்குள் வந்துவிட்டன. முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்கு லிஃப்ட் பற்றிய வரி மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்படும். அந்த வரியைப் போடுவதற்கு முன், கீழே வந்து பார்ப்பதாக மருத்துவர் உண்மையிலேயே ஒப்புக்கொண்டாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் ‘லிஃப்ட் இல்லை’ என்பதோடு நிறுத்திவிடலாம்.

சேமித்த திருத்தத்தை கூகுள் பரிசீலித்த பிறகே வெளியிடுகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். வேறொரு கைபேசியில், கணக்கில் நுழையாமல் பார்த்தால் மக்களுக்குத் தெரிவது என்ன என்று தெரிந்துவிடும். அடுத்து வரும் வாரங்களில் Performance பகுதியைத் திறந்தால், எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு இந்தப் பதிவு காட்டப்பட்டது என்ற பட்டியல் கிடைக்கும். கிளினிக் உண்மையில் செய்யும் வேலை ஒன்று அந்தப் பட்டியலில் வரவே இல்லையென்றால், வகையிலோ சேவைப் பட்டியலிலோ அது விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். பத்தி தவறு செய்தால் அது வரவேற்பு மேஜையில்தான் முதலில் தெரியும். “இன்னைக்குக் குழந்தை டாக்டர் இருக்கார்னு மேப்புல போட்டிருந்துச்சே” என்று ஒருவர் கேட்டால், நாள் மாறியது பதிவில் ஏறவில்லை என்று பொருள். அதை அன்றே திருத்தக்கூடிய ஒருவர் கிளினிக்கிலேயே இருக்க வேண்டும். பதிவின் முதன்மை உரிமை, அதை அமைத்துக் கொடுத்த வெளியாளின் மின்னஞ்சலில் இருந்தால், அவர் தொடர்பற்றுப் போன நாளில் ஒரு நேரத்தை மாற்றுவதுகூடப் பெரும்பாடாகிவிடும். உரிமையை மருத்துவரின் கணக்குக்கு மாற்றி, வரவேற்பில் இருப்பவரை மேலாளராகச் சேர்த்துவிட்டால் அந்தச் சிக்கல் வராது.