பூசணிக்கூழ் டின் எப்போது ஆறும்?

பூசணிக்கூழை டின்னில் அடைத்து மூடி, நீராவிக் கலனில் 116 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிக் கிருமிகளை அழித்தாயிற்று. அடுத்த வேலை ஆறவைப்பது. சூடாக்குவதைப் போலவே இதிலும் கவனம் தேவை. வெப்பத்தை விரும்பும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் இந்தச் சூட்டையும் தாங்கி உயிரோடு இருக்கும். டின் ஐம்பது, ஐம்பத்தைந்து டிகிரியில் நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து, டின்னை வீங்க வைக்காமலே கூழைப் புளிக்கச் செய்துவிடும். அதற்காக ஒரேயடியாகக் குளிரவைத்தாலும் சிக்கல்தான். மேலே ஒட்டிய தண்ணீர் உலராமல் தகரம் துருப்பிடிக்கும். எனவே டின்னின் சராசரிச் சூடு நாற்பது டிகிரியை ஒட்டி வந்ததும் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுவது தொழிற்சாலை வழக்கம்.

அந்த நேரத்தை முன்கூட்டியே கணக்கிட முடியுமா? கூழ் கெட்டியானது, உள்ளே புரண்டு ஓடாது. வெப்பம் கடத்தல் மூலமாக மட்டுமே வெளியேறும். கடத்தலுக்கான சமன்பாட்டை ஃபூரியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். ஆனால் டின் குட்டையானது. வெப்பம் பக்கச் சுவர் வழியாகவும் போகிறது, மேல்மூடி அடிமூடி வழியாகவும் போகிறது. இரண்டு திசைகளையும் சேர்த்துத் தீர்ப்பது கடினம்; ஒற்றைத் திசைக் கணக்குகளோ எளியவை. நாலாபுறமும் முடிவில்லாமல் விரிந்த ஒரு பலகை எப்படி ஆறும் என்பதற்கும், மேலும் கீழும் முடிவில்லாமல் நீண்ட ஓர் உருளை எப்படி ஆறும் என்பதற்கும் விடைகள் அட்டவணைகளாகவே கிடைக்கின்றன.

இந்த இரண்டு எளிய விடைகளையும் பெருக்கினால் போதும், குட்டை உருளையின் விடை வந்துவிடும். 1936-இல் ஆல்பர்ட் நியூமன் என்ற அமெரிக்க வேதிப் பொறியாளர், செவ்வகக் கட்டிகளும் உருளைகளும் சூடாவதையும் ஆறுவதையும் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த முறையைப் பொறியாளர்களுக்குப் பயன்படும் வகையில் தந்தார். இது தோராயமான குறுக்குவழி அல்ல. சில நிபந்தனைகள் பொருந்தும்வரை அச்சுப் பிசகாத விடை.

பெருக்க வேண்டியது வெப்பநிலைகளை அல்ல, மிச்ச விகிதங்களை. டின் 116 டிகிரியில் இருக்கிறது, தண்ணீர் 30 டிகிரி. இழக்க வேண்டிய சூடு 86 டிகிரி. ஏதோ ஒரு நேரத்தில் நடுப்புள்ளி 73 டிகிரியில் இருந்தால், 86-இல் 43 டிகிரி மிச்சம்; மிச்ச விகிதம் 0.5. தொடக்கத்தில் அது 1, முழுக்க ஆறியபின் 0.

ஏன் கூட்டாமல் பெருக்குகிறோம்? எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. கண்ணைக் கட்டிவிட்ட ஒருவர் டின்னின் நடுவிலிருந்து திக்குத் தெரியாமல் அலைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சுவரைத் தொட்டாலும் ஆட்டம் முடிந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் அவர் எதையும் தொடாமல் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவோ, அந்த இடத்தின் மிச்ச விகிதமும் அவ்வளவுதான். வெப்பப் பரவலின் கணிதமும் இந்த அலைச்சலின் கணிதமும் ஒன்றே. அவர் மேலும் கீழும் அலைவதற்கும் பக்கவாட்டில் அலைவதற்கும் தொடர்பில்லை. மூடிகளைத் தொடாமல் தப்புவது ஒரு வாய்ப்பு, பக்கச் சுவரைத் தொடாமல் தப்புவது இன்னொன்று. இரண்டிலும் தப்ப வேண்டுமென்றால் வாய்ப்புகளைப் பெருக்கத்தானே வேண்டும்? முதல் வாய்ப்பு பலகையின் விடை, இரண்டாவது நீள உருளையின் விடை. பலகையும் நீள உருளையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம்தான் நம் டின்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கக் கடைகளில் பழகிய அளவுகளில் ஒன்று, 87 மில்லிமீட்டர் விட்டமும் 116 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட டின். பலகைக்கு வேண்டியது பாதி உயரம், 58 மில்லிமீட்டர். நடுவிலிருந்து மூடிவரை உள்ள தூரம் அதுதான். முழு உயரத்தைப் போட்டுவிடுவது மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. உருளைக்கு வேண்டியது ஆரம், 43.5 மில்லிமீட்டர். கூழுக்குள் வெப்பம் பரவும் திறனைக் குறிக்கும் வெப்பப் பரவுமை வினாடிக்கு 0.16 சதுர மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். நீர் மிகுந்த உணவுகளுக்கு ஏறக்குறைய இந்த அளவுதான். வெளியே தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதால் டின்னின் மேற்பரப்பு உடனே 30 டிகிரிக்கு வந்துவிடுகிறது என்று கொள்ளலாம். உள்ளே கூழ் காட்டும் தடையோடு ஒப்பிட்டால் வெளியில் தடையே இல்லை என்று சொல்லலாம்.

ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாக ஓர் எண் வேண்டும். பரவுமையை நேரத்தால் பெருக்கி, உரிய நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது ஃபூரியர் எண். ஒரு மணி நேரம், அதாவது 3600 வினாடிக்கு, பலகையின் ஃபூரியர் எண் 0.171, உருளையுடையது 0.304. கடிகாரம் ஒன்றுதான். தூரம் வேறு என்பதால் எண்கள் வேறாகின்றன.

இவற்றை அட்டவணையிலோ தொடரிலோ போட்டால், பலகையின் நடுவில் மிச்சம் 0.825. பலகை மட்டும் இருந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் நடுப்பகுதி 101 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும். நீள உருளையின் நடுவில் மிச்சம் 0.275, அது 54 டிகிரி. பெருக்கினால் 0.227. அதை 86-ஆல் பெருக்கி 30-ஐக் கூட்டினால் 49.5 டிகிரி. டின்னின் நடுப்புள்ளி ஒரு மணி நேரத்தில் இருக்கும் சூடு இது.

நடுப்புள்ளி மட்டுமல்ல, எந்த இடத்துக்கும் இதே வழிதான். அச்சின் மீது நடுவுக்கும் மேல்மூடிக்கும் பாதி தூரத்தில் உள்ள புள்ளியை எடுங்கள். உருளைக்கு அது இன்னும் மையமே, எனவே 0.275 மாறாது. பலகைக்கு அது பாதி வழி. அங்கே மிச்சம் 0.597. பெருக்கினால் 0.164, அதாவது 44 டிகிரி.

சராசரியையும் இப்படியே காணலாம். பலகையின் சராசரி மிச்சத்தை உருளையின் சராசரி மிச்சத்தால் பெருக்கினால் டின் முழுவதற்குமான சராசரி கிடைக்கிறது. ஒரு மணி நேரத்தில் அது 35.5 டிகிரி. நடு 49.5, சராசரி 35.5! கூழின் பெரும்பகுதி சுவரை ஒட்டி இருப்பதால் இவ்வளவு வேறுபாடு. இதனால் ஆலையில் எடுக்கும் முடிவே மாறுகிறது. நடுப்புள்ளி 40 டிகிரிக்கு வரட்டும் என்று காத்திருந்தால் 79 நிமிடம் ஆகும். அதற்குள் டின்னின் மற்ற பகுதிகள் தண்ணீரின் சூட்டுக்கே வந்து தகரம் ஈரமாகவே நிற்கும். சராசரி 40 ஆவதற்கு 44 நிமிடமே போதும். அப்போது நடுவில் சுமார் 64 டிகிரி இருந்தாலும், வெளியே எடுத்தபின் அடுத்த அரைமணி நேரத்தில் உட்சூடு பெரும்பாலும் வெளிப்பகுதிக்குப் பரவிச் சமனாகத் தொடங்கும், மேலே ஒட்டிய ஈரமும் உலரும்.

மூடிகள் எவ்வளவு உதவுகின்றன? அவற்றை மறந்து நீள உருளையாகவே கணக்கிட்டால் நடுப்புள்ளி 40 டிகிரிக்கு வர 89 நிமிடம். மூடிகள் சேர்ந்ததால் மிச்சமானது வெறும் பத்து நிமிடம். ஒரே கொள்ளளவுக்கு எந்த வடிவ டின் மிக மெதுவாக ஆறும் என்றும் இந்தப் பெருக்கலிலிருந்தே காணலாம்: உயரம் விட்டத்தில் சுமார் 0.92 பங்கு இருக்கும் டின். அதைவிட ஒல்லியாக்கினாலும் தட்டையாக்கினாலும் விரைவாக ஆறும். இதே 0.92 அணு உலைகளின் பாடத்திலும் வருகிறது. நியூட்ரான்கள் தப்பிப்போவதும் இதே வகைச் சமன்பாட்டின்படி நடப்பதால், மிகக் குறைந்த கொள்ளளவில் இயங்கக்கூடிய உருளை உலையின் வடிவமும் அதுவே.

இந்த முறை எங்கே வழுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். டின்களை வெப்பம் கடத்தாத தளத்தின் மீது நிறுத்தி ஆறவைத்தால் அடிமூடி வழியே வெப்பம் போகாது. அப்போதும் பெருக்கல் செல்லும், ஆனால் பலகையின் தூரம் பாதி உயரத்திலிருந்து முழு 116 மில்லிமீட்டராகிவிடும். மிகச் சூடான இடமும் நடுவிலிருந்து அடிக்கு இறங்கிவிடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாடநூல்கள் தொடரின் முதல் உறுப்பை மட்டும் எடுத்தால் போதும் என்கின்றன. ஃபூரியர் எண் 0.2-க்கு மேல் இருந்தால் அது சரி. இங்கே 89-ஆவது நிமிடத்திலும் பலகையின் எண் 0.064-தான். முதல் உறுப்பை மட்டும் போட்டால் மிச்சம் 1.09 என்று வரும், அதாவது தண்ணீரில் கிடந்த பலகை தொடங்கியபோது இருந்ததைவிடச் சூடாகிவிட்டதாம்! மிச்சம் ஒன்றைத் தாண்டினால் கணக்கு தப்பு என்று அங்கேயே நிறுத்திவிடலாம். மற்ற உறுப்புகளையும் சேர்த்தால் 0.99 வருகிறது, இந்த நிலையில் மேல்மூடியால் பெரிய உதவி எதுவும் இல்லை.

வேறு இரண்டு நிபந்தனைகள் இன்னும் அடிப்படையானவை. தொடக்கத்தில் டின் முழுவதும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். சூடாக்கி முடித்த கணத்தில் நடுப்பகுதி பெரும்பாலும் ஓரத்தைவிடச் சில டிகிரி பின்தங்கியிருக்கும், எனவே நம் 116 நடுப்பகுதிக்குச் சற்று மிகையானது. தண்ணீரின் சூடும் எல்லாப் பக்கத்திலும் ஒன்றாகவே, மாறாமல் இருக்க வேண்டும். மூடிகளைத் தொடும் நீர் ஒரு சூட்டிலும் பக்கத்தைத் தொடும் நீர் வேறு சூட்டிலும் இருந்தால் பொதுவான மிச்ச விகிதமே கிடையாது, பெருக்க ஒன்றும் இருக்காது.

எல்லாவற்றிலும் பெரிய சந்தேகம், உள்ளே இருப்பது உண்மையிலேயே அசையாமல் இருக்கிறதா என்பது. இதை ஆலையிலேயே சோதிக்கலாம். டின்னின் சுவரில் துளையிட்டு, நடுப்புள்ளியில் முனை நிற்கும்படி தெர்மோகப்பிள் ஒன்றைச் செருகி, தண்ணீரைவிட நடு எத்தனை டிகிரி அதிகம் என்பதை மடக்கை அளவில் நேரத்துக்கு எதிராக வரைவார்கள். தொடக்க நேரம் கழிந்ததும் புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டில் விழும். நம் டின்னுக்கு அந்த வேறுபாடு பத்தில் ஒரு பங்காகக் குறைய 63 நிமிடம் ஆகும் என்கிறது பெருக்கல், ஏனென்றால் பலகையும் உருளையும் ஆறும் வேகங்கள் மடக்கையில் கூடிவிடுகின்றன. அளந்த கோடும் 60, 65 நிமிடம் காட்டினால் கூழ் கடத்தல் மூலமே ஆறுகிறது. இருபது நிமிடம் காட்டினால், உள்ளே திரவம் சுழல்கிறது. அந்த டின்னுக்கு இந்தக் கணக்கு செல்லாது.